புதுச்சேரி வண்டியைக் கடலூரில் உங்கள் பெயருக்குக் கொண்டுவர உண்மையில் எவ்வளவு ஆகும்?

கேள்வி: "நான் கடலூரில் இருக்கிறேன். புதுச்சேரியில் ஒருவர் 2018 மாடல் பெட்ரோல் கார், 1,197 சிசி, 52,000 கி.மீ. ஓடியது, 3,60,000 ரூபாய்க்குத் தருகிறார். இதே வண்டி இங்கே டி.என். பதிவில் 4,20,000 சொல்கிறார்கள். அறுபதாயிரம் மிச்சம் என்கிறார் புரோக்கர். செக்கிங், ரிப்பேர், பெயர் மாற்றம், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் வாங்கலாமா?"

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். 3,60,000 ரூபாய்க்கு இந்த வண்டி வேண்டாம். ஏறக்குறைய 3,20,000-க்கு அவர் இறங்கி வந்தால், அதுவும் வண்டி வெள்ளத்தில் நின்றது இல்லை என்று உறுதியானால், வாங்கலாம். இந்த 3,20,000 என்ற எண் எப்படி வந்தது என்பதைத்தான் கீழே விளக்குகிறேன். உங்கள் வண்டிக்கு எண்கள் கொஞ்சம் மாறலாம், கணக்குப் போடும் முறை மாறாது. நான் ஆட்டோமொபைல் படித்துவிட்டு, கடலூர், புதுச்சேரி, விழுப்புரம் பகுதிகளில் இன்சூரன்ஸ் சர்வேயராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன். விபத்திலும் வெள்ளத்திலும் அடிபட்ட வண்டிகளைப் பிரித்துப் பார்த்து இழப்பைக் கணக்கிடுவதுதான் அந்த வேலை.

அறுபதாயிரம் வித்தியாசத்தில் பெரும்பகுதி உங்களுக்கு மிச்சம் இல்லை. அது நீங்கள் தமிழ்நாட்டு அரசுக்குக் கட்டவேண்டிய வரி. புதுச்சேரியில் சாலை வரி குறைவு என்பதால்தான் பி.ஒய். வண்டி சந்தையில் விலை குறைவாகக் கிடைக்கிறது. வண்டியை உங்கள் பெயருக்குக் கடலூர் முகவரியில் மாற்றும்போது தமிழ்நாட்டின் ஆயுள் வரியை நீங்கள் கட்டவேண்டும். இந்த வரி நீங்கள் பேரம் பேசி முடித்த விலையின் மேல் போடப்படுவதில்லை. வண்டி புதிதாக இருந்தபோது அதற்கு இருந்த விலையையும் அதன் வயதையும் வைத்துக் கணக்கிடப்படுகிறது. ஆகவே விற்பவரிடம் முதலில் கேட்கவேண்டியது வண்டி வாங்கியபோது ஷோரூம் கொடுத்த இன்வாய்ஸ். அதன் நகலையும் ஆர்.சி. நகலையும் எடுத்துக்கொண்டு கடலூர் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போய், இந்த வண்டியை இங்கே கொண்டுவந்தால் வரி எவ்வளவு என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் செய்யவேண்டிய வேலை இது. புரோக்கர் வாயால் சொல்லும் வரித் தொகையைக் கணக்கில் சேர்க்காதீர்கள். புதுச்சேரியில் முதலில் கட்டிய வரியில் மீதிக் காலத்துக்கான பணம் திரும்பக் கிடைக்கும் என்று சிலர் சொல்வார்கள். கிடைத்தால் நல்லதுதான், ஆனால் விலை பேசும்போது அந்தத் தொகையைப் பூஜ்யமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

"வேறு மாநில வண்டியை 12 மாதம் வரை அப்படியே ஓட்டலாம், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்" என்றும் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆவது பிரிவில் 12 மாதக் கணக்கு இருப்பது உண்மை. ஆனால் அது ஒருவர் தம்முடைய வண்டியை வேறு மாநிலத்தில் வைத்திருப்பதைப் பற்றியது. வண்டி கைமாறினால் 50-ஆவது பிரிவு வந்துவிடுகிறது. அதன்படி வாங்கியவர், தாம் குடியிருக்கும் பகுதியின் பதிவு அதிகாரிக்கு 30 நாட்களுக்குள் தெரிவிக்கவேண்டும். கடலூர் முகவரியில் வாங்குகிற உங்களுக்குப் பொருந்துவது இதுதான். புதுச்சேரிக்காரர் பெயரிலேயே ஆர்.சி.யை விட்டுவைத்து, கையெழுத்துப் போட்ட படிவங்களை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு ஓட்டுவது இங்கே பரவலாக நடக்கிறது. அதில் ஓட்டுகிறவருக்கும் ஆபத்து, விற்றவருக்கும் ஆபத்து. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து நடந்தால் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு கொடுக்கும் பொறுப்பும் அவருடையதே என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. விற்பவர் பெயர் மாற்றத்துக்கு அலைய யோசித்தால் இதை அவரிடம் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். பெயர் மாறுவது உங்களைவிட அவருக்கே அதிகப் பாதுகாப்பு.

நடைமுறை இப்படிப் போகும். வண்டியின் மேல் கடன் இருந்திருந்தால் முதலில் வங்கியின் தடையின்மைக் கடிதத்தோடு படிவம் 35 கொடுத்து ஆர்.சி.யில் உள்ள ஹைப்பாத்திகேஷனை நீக்கவேண்டும். பிறகு நிலுவையில் உள்ள அபராதச் சலான்களைக் கட்டி, படிவம் 28 மூலம் புதுச்சேரி போக்குவரத்துத் துறையிடம் தடையின்மைச் சான்றான என்.ஓ.சி. வாங்கவேண்டும். அதன்பின் படிவம் 29, 30-இல் இருவரும் கையெழுத்திட்டு, கடலூரில் வரி கட்டி, வண்டியை நேரில் காட்டி, புதிய டி.என். எண்ணும் புதிய ஆர்.சி.யும் பெறவேண்டும். அரசுக் கட்டணம் இதில் பெரிய தொகை இல்லை. காருக்குப் பெயர் மாற்றம் 300 ரூபாய், புதிய பதிவு எண் 600 ரூபாய், அதற்கு மேல் கார்டுக்கும் சேவைக்குமான சில நூறுகள். புதிய எண்ணுக்கான உயர்பாதுகாப்பு நம்பர் பிளேட், இரண்டு ஊருக்கும் அலைச்சல், ஏஜென்ட் வைத்தால் அவருக்கான பணம் என்று சேர்த்து நான் 6,000 ரூபாய் வைக்கிறேன். கடனோ சலானோ இருக்கிறதா என்பதை parivahan.gov.in தளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்து நீங்களே பார்த்துவிடலாம்.

இனி வண்டிக்கு வருவோம். இந்தப் பகுதியில் 2024-க்கு முன்பு வாங்கப்பட்ட எந்தக் காரைப் பார்த்தாலும் என் மனத்தில் முதலில் எழும் கேள்வி, ஃபெஞ்சல் புயலின்போது இது எங்கே நின்றது என்பதுதான். 2024 நவம்பர் 30 அன்று இரவு புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் போன்ற தாழ்வான பகுதிகளில் தண்ணீர் தேங்கியது. அடுத்த ஓரிரு நாளில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீரால் தென்பெண்ணையில் வெள்ளம் வந்து கடலூர்ப் பக்கமும் வீடுகள் மூழ்கின. அப்போது நனைந்த வண்டிகளில் எல்லாமே இன்சூரன்ஸ் கேட்டு வரவில்லை. வெளியே உலர்த்திச் சுத்தம் செய்து, அப்படியே சந்தைக்கு வந்தவையும் உண்டு. வெள்ளத்தில் நின்ற வண்டிக்கு இருபதாயிரம் குறைத்துக் கொடுத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். தள்ளுபடியால் சரிக்கட்ட முடியாத குறை அது என்பது என் கருத்து. ஏன் என்றால் மற்றக் குறைகளுக்கு ஒரு ரிப்பேர் விலை உண்டு. நனைந்த வயரிங்குக்கு அப்படி ஒரு விலையை யாராலும் சொல்ல முடியாது. கனெக்டருக்குள் ஆரம்பிக்கும் அரிப்பு ஆறு மாதம் கழித்து ஒரு சென்சாரிலும், ஒரு வருடம் கழித்து பவர் ஸ்டீயரிங்கிலும் தலைகாட்டும். ஏர்பேக்கை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி பெரும்பாலான கார்களில் நடு கன்சோலுக்கு அடியில், தரையை ஒட்டியே இருக்கிறது. கார்பெட் மூழ்கினால் அதுவும் மூழ்கும்.

வெள்ளம் கண்ட வண்டியை அடையாளம் காண்பது இப்படி. முன் சீட் பெல்ட்டை மெதுவாக, கடைசி வரை வெளியே இழுங்கள். அன்றாடம் யாரும் அவ்வளவு நீளம் இழுப்பதில்லை என்பதால், உள்ளே சுருண்டு கிடக்கும் கடைசி ஒரு முழத்தில் தண்ணீர்க்கோடும் மண்ணின் நிறமும் தங்கியிருக்கும். பெல்ட் மட்டும் புத்தம் புதியதாக, மற்றவை பழையதாக இருந்தாலும் அதற்குக் காரணம் கேளுங்கள். அடுத்துப் பின் சீட்டின் அடிப்பகுதியைத் தூக்கச் சொல்லுங்கள். பல கார்களில் அது கிளிப்பில்தான் நிற்கும். அதன் கீழே பெட்ரோல் பம்புக்கான மூடி இருக்கும் வண்டியாக இருந்தால் அந்த மூடியைச் சுற்றி வண்டல் படிந்திருக்கிறதா பாருங்கள். வாட்டர் வாஷ் செய்கிறவர்கள் அந்த இடத்துக்குப் போவதே இல்லை. பிறகு ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால் குனிந்து, டார்ச் அடித்து, ஸ்டீயரிங் தண்டைப் பிடித்திருக்கும் இரும்புப் பிடிப்புகளையும் சீட் தண்டவாளத்தின் போல்ட் தலைகளையும் பாருங்கள். கார்பெட்டின் ஓரத்தைத் தூக்கி அடியிலுள்ள பஞ்சை விரலால் அழுத்துங்கள், மோந்தும் பாருங்கள். வாசனைத் திரவியம் தூக்கலாக அடித்திருந்தால் அதையே ஓர் அறிகுறியாக எடுத்துக்கொள்ளலாம்.

இங்கே ஒரு குழப்பம் வரும். நம் ஊர் கடலோரம். கடற்காற்றால் மட்டுமே துருப்பிடித்த நல்ல வண்டிகள் ஏராளம், அவற்றை வெள்ள வண்டி என்று ஒதுக்கிவிடக்கூடாது. பிரித்தறியும் வழி துரு எங்கே இருக்கிறது என்பதுதான். உப்புக்காற்று வெளியிலிருந்து தாக்கும். சக்கர வளைவு, கதவின் அடிவிளிம்பு, ஜாக்கி வைக்கும் இடம், சைலன்சர், பிரேக் குழாய் ஆகியவற்றில் துரு தெரியும், ஆனால் கார்பெட்டுக்கு அடியிலும் டேஷ்போர்டுக்குப் பின்னாலும் இரும்பு சுத்தமாக இருக்கும். தண்ணீர் நின்ற வண்டியில் இதற்கு நேர்மாறாக, மழையே படாத உட்பக்க இரும்பு துருப்பிடித்திருக்கும். தேவனாம்பட்டினம் போல கடலை ஒட்டிய பகுதியில் நிறுத்தப்பட்ட வண்டியில் முதல் வகைத் துரு இருந்தால் பயப்படவேண்டாம். மெக்கானிக் ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்தும்போது தகடு உள்ளே போகாமல் இருந்தாலே போதும், பிரேக் குழாயை மட்டும் கவனமாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

எலக்ட்ரானிக் பகுதிக்கு ஸ்கேனர் போடவேண்டும். ஸ்கேனரில் எந்தக் கோளாறும் காட்டவில்லை என்றதும் திருப்தியடைந்து விடாதீர்கள். பிழைக் குறிகளை ஒரு நிமிடத்தில் அழித்துவிடலாம். நல்ல ஸ்கேனரில், குறிகளை அழித்த பிறகு வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்ற அளவும் தெரியும். அதைக் காட்டும்படி மெக்கானிக்கிடம் கேளுங்கள். அங்கே பல ஆயிரம் கி.மீ. என்று வந்தால் மனநிம்மதி. 15 கி.மீ. என்று வந்தால் நீங்கள் வருவதற்கு முன் யாரோ அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். அப்படி இருந்தால், வண்டியை ஒரு வாரம் ஓட்டிவிட்டு மறுபடி ஸ்கேன் செய்ய ஒப்புக்கொள்வாரா என்று விற்பவரிடம் கேளுங்கள். தண்ணீரில் நின்றபோது யாராவது ஸ்டார்ட் செய்து என்ஜினுக்குள் தண்ணீர் இழுத்திருந்தால் கனெக்டிங் ராடு இலேசாக வளைந்திருக்க வாய்ப்பு உண்டு. அதை ஸ்கேனர் காட்டாது. நான்கு சிலிண்டருக்கும் கம்ப்ரெஷன் சோதனை செய்தால் ஒன்று மட்டும் குறைந்து நிற்கும்.

காகிதத்திலும் சில தடயங்கள் உண்டு. தற்போதைய இன்சூரன்ஸ் பாலிசியின் பக்கத்தில் நோ கிளெய்ம் போனஸ் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். அது 20, 25, 35, 45, 50 என்று ஆண்டுக்கு ஆண்டு ஏறும். சொந்தச் சேதத்துக்கு ஒரு முறை கிளெய்ம் எடுத்தாலே பொதுவாகப் பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். 50 சதவீதம் என்றிருந்தால் ஐந்து ஆண்டுகளாகக் கிளெய்ம் இல்லை என்று பொருள். 20 சதவீதம்தான் என்றால் சமீபத்தில் எதற்கோ கிளெய்ம் எடுத்திருக்கக்கூடும். எதற்கு என்று கேட்கவேண்டும். ஆனால் இது ஒருபக்கச் சான்றுதான். கையிலிருந்து செலவழித்துச் சரிசெய்த சேதம் இதில் தெரியாது. அதனால் சர்வீஸ் ரசீதுகளில் 2024 டிசம்பர், 2025 ஜனவரி மாதங்களைத் தேடிப் பாருங்கள். ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர் மோட்டார், வீல் பேரிங், கார்பெட் என்று ஒரே ரசீதில் சேர்ந்து வந்திருந்தால் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளலாம். அதே ரசீதுகளில் ஒவ்வொரு முறையும் ஓடோமீட்டர் அளவைக் குறித்திருப்பார்கள் என்பதால் 52,000 கி.மீ. உண்மையா என்பதும் தெரிந்துவிடும்.

விபத்துப் பழுதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பம்பர், கதவு, ஃபெண்டர் ஆகியவற்றில் டிங்கரிங், பட்டி, பெயிண்ட் வேலை நடந்திருப்பது இந்த வயது வண்டியில் சாதாரணம். அதற்காக விலையைக் கொஞ்சம் குறைக்கலாம், வண்டியை ஒதுக்கவேண்டியதில்லை. பானெட்டைத் தூக்கி, இரு பக்கமும் உள்ள ஏப்ரன் தகட்டிலும் முன்பக்கச் சேசிஸ் முனையிலும் கம்பெனி வெல்டிங்கின் சீரான புள்ளிகள் இருக்கின்றனவா, பின்பக்கம் ஸ்டெப்னி வைக்கும் குழியின் தகடு மடிந்து நிமிர்த்தப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அங்கே கைவேலை தெரிந்தால் விட்டுவிடுங்கள்.

எந்தச் சோதனைக்கும் ஓர் எல்லை இருக்கிறது. வண்டியைப் பிரிக்காமல் பார்க்கும் எவரும், நானும் உட்பட, கியர்பாக்ஸ் உள்ளே எப்படி இருக்கிறது, கிளட்ச் இன்னும் எத்தனை மாதம் தாங்கும், ஏசி கம்ப்ரெஸர் அடுத்த சித்திரை வெயிலைத் தாண்டுமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. கிளட்ச் மேலே வந்து பிடிக்கிறது, ஏசி குளிர மெதுவாகிறது என்று அறிகுறியைத்தான் சொல்ல முடியும். ஆகவே சோதனைக்கு வரும் மெக்கானிக்கிடம் "வண்டி நல்லா இருக்கா?" என்று மட்டும் கேட்காதீர்கள். உடனே மாற்றவேண்டியது, ஒரு வருடத்துக்குள் மாற்ற நேரிடலாம் என்பது என இரண்டு பட்டியலாக, பொருளின் விலையும் கூலியும் தனித்தனியாக, எழுதித் தரச் சொல்லுங்கள். அவர் விற்பவருக்கோ புரோக்கருக்கோ தெரிந்தவராக இருக்கக்கூடாது. ராம்ப்பில் ஏற்றி அடிப்பாகம் பார்ப்பதும் ஸ்கேனரும் கம்ப்ரெஷனும் சேர்த்து 3,000 ரூபாய் வரை கொடுக்கலாம்; இந்தக் கணக்கில் நீங்கள் மனமுவந்து செலவழிக்கவேண்டிய தொகை அது ஒன்றுதான்.

உங்கள் வண்டியை நான் பார்க்கவில்லை என்பதால், அந்த வயதும் ஓட்டமும் உள்ள காரில் வழக்கமாக வருவதை வைத்து ஒரு பட்டியல் போடுகிறேன். கிளட்ச் செட் கூலியோடு 12,000, முன்பக்க லோயர் ஆர்ம், புஷ், லிங்க் ராடு 6,500, பேட்டரி 5,000, என்ஜின் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில், ஃபில்டர்கள் 6,000, நான்கு டயர் 18,000. மொத்தம் 47,500. டயரை அதன் கட்டை, அதாவது தரையில் படும் ரப்பர் மேடுகளின் அளவை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2318 என்றிருந்தால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. உங்கள் வண்டியில் அந்த எண் வண்டியின் வயதையே காட்டினால் கட்டை இருந்தாலும் ரப்பர் இறுகிவிட்டது, மாற்றத்தான் வேண்டும். ஆனால் ஓடோமீட்டர் உண்மை என்பதற்கு அது துணைச் சான்றும் ஆகிறது.

இன்சூரன்ஸில்தான் வாங்குபவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். "பாலிசி இன்னும் எட்டு மாதம் இருக்கிறது, அதுவும் உங்களுக்குத்தான்" என்று விற்பவர் சொல்வார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 157-ஆவது பிரிவுப்படி வண்டி கைமாறும்போது மூன்றாம் நபருக்கான காப்பு தானாகவே புதியவருக்கு வந்துவிடும். ஆனால் வண்டியின் சொந்தச் சேதத்துக்கான காப்பு அப்படி வராது. வாங்கியவர் 14 நாட்களுக்குள் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்து, பாலிசியைத் தம் பெயருக்கு மாற்றினால்தான் அது செல்லும். உச்ச நீதிமன்றம் 1996-லேயே இந்த வேறுபாட்டைத் தீர்ப்பில் சொல்லிவிட்டது. ஆர்.சி. புதியவர் பெயரில், பாலிசி பழையவர் பெயரில் என்று வந்த சேதக் கோப்புகளை நான் கையாண்டிருக்கிறேன். முழுக் காப்புக்கும் பிரீமியம் கட்டப்பட்டிருந்தும், முன்பக்கம் நொறுங்கிய வண்டிக்கு ஒரு ரூபாய் கூடப் பரிந்துரைக்க வழியில்லாமல் எழுதி அனுப்பவேண்டியிருந்தது. இன்னொன்று, நோ கிளெய்ம் போனஸ் வண்டிக்கு உரியதல்ல, அதை ஈட்டிய மனிதருக்கு உரியது. அவர் அதைத் தம் அடுத்த வண்டிக்கு எடுத்துக்கொண்டு போவார். சொந்தச் சேதப் பிரீமியம் 9,000 ஆக இருந்து, அவருக்கு 50 சதவீத போனஸில் 4,500 ஆகியிருந்தால், மீதி எட்டு மாதத்துக்கான வித்தியாசம் சுமார் 3,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் நீங்கள் கட்டவேண்டும். ஆகவே "பாலிசி சேர்த்து" என்பதற்காக விலையில் பெரிதாக எதுவும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

நம் கணக்குக்குப் புதிய முழுப் பாலிசி எடுப்பதாகவே வைத்துக்கொள்வோம். 1,000 முதல் 1,500 சிசி வரையுள்ள காருக்கு மூன்றாம் நபர் பிரீமியம் 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி 3,416 ரூபாய், 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 4,031. சொந்தச் சேதத்துக்கு ஜி.எஸ்.டி.யோடு ஏறத்தாழ 9,000 சேர்த்தால் மொத்தம் 13,000. இதில் பின்னது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வெள்ளம் வரும் ஊரில் இருப்பதால் வெறும் மூன்றாம் நபர் பாலிசியோடு நிறுத்திக்கொள்ளவேண்டாம் என்பது என் உறுதியான ஆலோசனை.

இப்போது கூட்டிப் பார்ப்போம். தமிழ்நாட்டு வரியாக உதாரணத்துக்கு 55,000 வைக்கிறேன். அந்த இடத்தில் ஆர்.டி.ஓ. அலுவலகம் சொல்லும் தொகையை நீங்கள் போட்டுக்கொள்ளவேண்டும். புதுச்சேரி வண்டி 3,60,000, சோதனை 3,000, ரிப்பேர் 47,500, வரி 55,000, மறுபதிவு 6,000, இன்சூரன்ஸ் 13,000. ஆக மொத்தம் 4,84,500. கடலூர் வண்டிக்கு 4,20,000 சொல்கிறார்கள் என்றால் 4,05,000-க்கு முடியும் என்று கொள்வோம். அதுவும் பழைய வண்டிதான் என்பதால் ரிப்பேர் இல்லை என்று நினைக்கக்கூடாது. ஆனால் பேட்டரியும் டயரும் அண்மையில் மாற்றியிருந்தால் 24,500-க்குள் அடங்கும். சோதனை 3,000, பெயர் மாற்றம் எல்லாச் செலவோடும் 2,500, இன்சூரன்ஸ் 13,000 சேர்த்தால் 4,48,000. மலிவு என்று நினைத்த வண்டி 36,500 ரூபாய் அதிகம். அந்த 36,500-ஐ 3,60,000-இலிருந்து கழித்தால் 3,23,500. இரண்டு வண்டியும் சமமாகும் விலை அது. அதற்கு மேல் ஒரு ரூபாய் கொடுத்தாலும் உள்ளூர் வண்டியே மேல். அலைச்சலையும் காத்திருக்கும் நாட்களையும் எண்ணினால் நான் 3,10,000-இல் பேச ஆரம்பித்து 3,20,000-இல் நிறுத்திக்கொள்வேன். உங்களுக்கு வரி 40,000 என்று வந்தால் இந்த எல்லை 15,000 மேலே போகும், 65,000 என்று வந்தால் 10,000 கீழே வரும். இரண்டு வண்டிக்கும் ஒரு வருடத்துக்குள் வரக்கூடிய இரண்டாவது பட்டியலுக்காக இருபதாயிரம் ரூபாயாவது கையில் தனியே வைத்திருங்கள். அதை வண்டி விலையில் கரைத்துவிடாதீர்கள்.

இதில் எது உறுதி, எது ஊகம் என்பதையும் பிரித்துச் சொல்லவேண்டும். பெயர் மாற்றக் காலக்கெடு, படிவங்கள், மூன்றாம் நபர் காப்பு மட்டும் தானாக வரும் என்பது ஆகியவை சட்டத்தில் உள்ளவை. வரி, கேட்டுத் தெரிந்துகொண்டு உறுதியாக்கக்கூடியது. ரிப்பேர் தொகை நல்ல மெக்கானிக் எழுதிக் கொடுத்தாலும் ஐந்தில் ஒரு பங்கு ஏறவோ இறங்கவோ செய்யும். வெள்ளம் படவில்லை என்பது மட்டும் மேலே சொன்ன எல்லாவற்றிலும் தேறினாலும் முழு உறுதியாகாது. அதனால் விற்பனை ஒப்பந்தத்தில், வண்டி தண்ணீரில் மூழ்கியதில்லை, ஓடோமீட்டர் மாற்றப்படவில்லை, ஒப்படைக்கும் நாளும் நேரமும் வரையிலான சலான்கள் விற்பவர் பொறுப்பு என்று எழுதி அவர் கையெழுத்தை வாங்குங்கள். இதை எழுதத் தயங்குகிறவரிடம் கணக்கே போடவேண்டியதில்லை.

பணம் கொடுக்கும் வரிசையும் விலை அளவுக்கே முக்கியம். சோதனை முடியும்வரை அட்வான்ஸ் வேண்டாம். முடிந்ததும் பத்தாயிரம் ரூபாய், அதுவும் வங்கி வழியாக, "என்.ஓ.சி. கிடைக்காவிட்டால் திருப்பித் தரப்படும்" என்ற வரியோடு கொடுங்கள். என்.ஓ.சி. கைக்கு வந்து, அதிலுள்ள என்ஜின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் வண்டியில் பொறித்திருப்பதோடு நீங்களே ஒப்பிட்டுப் பார்த்த பிறகு பெரும் தொகையைக் கொடுத்து வண்டியை எடுங்கள். அன்றே உங்கள் பெயரில் புதிய பாலிசி எடுக்க முடியுமா, அல்லது பழைய பாலிசியை மாற்றும் விண்ணப்பம் கொடுக்கவேண்டுமா என்று இன்சூரன்ஸ் கம்பெனியிடம் முன்கூட்டியே கேட்டு வைத்திருந்தால், கடலூருக்கு ஓட்டிவரும் வழியில் காப்பு இல்லாத நேரம் இருக்காது. விற்பவர் சம்மதித்தால் 15,000 ரூபாயை மட்டும் நிறுத்தி வைத்து, டி.என். எண்ணோடு உங்கள் பெயர் parivahan.gov.in தளத்தில் தெரிந்த அன்று கொடுத்துவிடுங்கள். இடையில் கடலூர் அலுவலகம் அவருடைய கையெழுத்தோ கூடுதல் சான்றோ கேட்டால், அவர் உடனே வந்து போட்டுத் தர அதுவே போதும்.